ஆர்மிக்காரர் விற்கும் ஆக்டிவா: ஆன்லைன் விளம்பரத்தில் பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போன் செய்தான். "மாமா, ஒரு ஒன்பதாயிரம் அனுப்ப முடியுமா? நாளைக்கே திரும்ப வந்துரும்" என்றான். எதற்கு என்று கேட்டேன். ஆன்லைனில் ஆக்டிவா வாங்கியிருக்கிறானாம். வண்டி அவிநாசி வரை வந்துவிட்டதாம். இந்தப் பணத்தைக் கட்டினால்தான் டெலிவரிக்காரர் வண்டியை இறக்குவாராம். "ஏற்கெனவே எவ்வளவு கட்டின?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "பதினெட்டாயிரத்து இருநூத்தம்பது" என்றான்.

அந்த ராத்திரி அவன் போனை வாங்கி, விளம்பரத்திலிருந்து கடைசி மெசேஜ் வரை உட்கார்ந்து படித்தேன். பல வருடங்களாகச் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்துக் கொடுக்கிறவன் நான். இந்த மோசடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் முழு உரையாடலையும் ஒரே மூச்சில் படித்தபோதுதான் இது எவ்வளவு யோசித்துக் கட்டிய நாடகம் என்று புரிந்தது. அந்த உரையாடலை வைத்தே, எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

விளம்பரத்தைப் பார்க்கும்போதே

2021 மாடல் ஆக்டிவா 6ஜி, சிங்கிள் ஓனர், 14,000 கிலோமீட்டர் ஓடியது, விலை ரூ. 27,000. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் இதே வண்டிக்கு ரூ. 55,000-க்குக் குறைத்துப் பேச்சே இல்லை. பாதி விலை என்றதும் அவனுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் கீழேயே பதில் இருந்தது: "டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, அவசர விற்பனை."

மோசடி விளம்பரத்தின் விலை நம்பவே முடியாத அளவுக்குக் குறைவாக இருக்காது. பத்தாயிரத்துக்கு ஆக்டிவா என்று போட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு நல்ல காரணம் சொன்னால் நம்பலாம் என்கிற அளவுக்குத்தான் குறைத்திருப்பார்கள். அந்தக் காரணமும் தயாராக இருக்கும். அதனால் விலை குறைவாக இருக்கிறதா என்பதோடு, குறைந்ததற்கு ஒரு கதை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிஜமாகவே அவசரமாக விற்கிறவருக்கு ஒரு சுலபமான வழி உண்டு. பக்கத்துக் கன்சல்டிங் கடையில் கொண்டுபோய் நிறுத்தினால், மார்க்கெட் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அன்றைக்கே கையில் காசு கொடுத்துவிடுவார்கள். கடைக்காரரே நாற்பது, நாற்பத்தைந்து கொடுக்கத் தயாராக இருக்கும் வண்டியை, முகம் தெரியாத உங்களுக்கு இருபத்தேழுக்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

அடுத்து, படங்கள். ஒவ்வொரு படத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். திருடிய படமாக இருந்தால் வேறு ஊரில், வேறு விலையில் அதே வண்டி பெரும்பாலும் கண்ணில் படும். ஆனால் எதுவும் கிடைக்கவில்லை என்றால் படம் அசல் என்று அர்த்தமில்லை. இடவலம் திருப்பிப் போட்டிருக்கலாம், ஓரம் வெட்டியிருக்கலாம். லென்ஸைவிட எனக்குக் கைகொடுத்தது விளம்பர வாசகம்தான். அதில் ஒரு முழு வாக்கியத்தை அப்படியே எடுத்து அதே தளத்தில் தேடினேன். சேலம், மதுரை, சென்னை என்று ஊர் மட்டும் மாறி, எழுத்துப் பிழை உட்பட அதே வாக்கியம் மூன்று விளம்பரங்களில் இருந்தது. படத்தை மாற்றியவர்கள் வாசகத்தை மாற்றச் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.

படங்களுக்குள்ளேயே பொருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்பக்கப் படத்தில் கண்ணாடி இரண்டும் இருந்து, பக்கவாட்டுப் படத்தில் ஒன்று இல்லாமல் போனால் அவை இரண்டு வேறு வண்டிகள். நம்பர் பிளேட்டை மறைத்திருப்பதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்காதீர்கள். நேர்மையாக விற்கிறவர்களும் மறைக்கிறார்கள். கேட்டபிறகும் நம்பர் தர மறுத்தால் அதுதான் கவனிக்க வேண்டியது.

ஒரு வேடம், ஐந்து கேள்விக்குப் பதில்

விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு மெசேஜ் போட்டதும் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. படத்தில் சீருடையில் ஒருவர். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பாதுகாப்புப் படையில் வேலை, இப்போது ஜம்முவுக்கு மாற்றல் என்றார். கேட்காமலேயே ஆதார் அட்டை, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆர்.சி. என்று நான்கு படங்கள் வந்து விழுந்தன.

ஏன் எப்போதும் ராணுவ வேடம்? ராணுவக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்கிற மரியாதை ஒரு காரணம். ஆனால் அதைவிட, விற்பவரிடம் நாம் கேட்கக்கூடிய சங்கடமான கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சீருடை பதில் சொல்லிவிடுகிறது. ஏன் தமிழ் தெரியவில்லை? வடநாட்டுக்காரர். ஏன் விலை குறைவு? மாற்றல். ஏன் நேரில் வந்து பார்க்க முடியாது? கேம்ப்புக்குள் வெளியாள் வரக் கூடாது. ஏன் வீடியோ காலில் வண்டியைக் காட்ட முடியாது? உள்ளே கேமரா அனுமதி இல்லை. வண்டி எப்படி வரும்? ஆர்மி பார்சலில். ஒரு கதை இவ்வளவு கச்சிதமாக எல்லாக் கதவையும் மூடினால், அந்தக் கச்சிதமே சந்தேகத்துக்குக் காரணம்.

கடைசிப் பதில்தான் முழுப் பொய். ராணுவத்தில் தபால் சேவை உண்டு. அது படையினரின் கடிதங்களுக்கும் பார்சல்களுக்குமானது. ஒரு ஜவான் தனிப்பட்ட முறையில் விற்ற ஸ்கூட்டரை லாரியில் ஏற்றி, வாங்கியவர் வீட்டில் இறக்கி, பணம் வசூலித்து வரும் சேவை ராணுவத்தில் கிடையாது. மாற்றலாகிப் போகும் நிஜமான ஜவான் ஒன்று வண்டியை ரயில் பார்சலில் தன்னோடு கொண்டுபோவார், இல்லையென்றால் அந்த ஊரிலேயே யாருக்காவது விற்பார். விற்றால் கேம்ப் வாசலுக்கு வெளியே வண்டியைக் கொண்டுவந்து காட்டுவார். ஓட்டிப் பார்க்கவும் சாவி கொடுப்பார். ரயில் பார்சல் என்றாலும் பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் காட்டி, கவுண்டரில் ரசீது வாங்கித்தான் அனுப்ப முடியும். அதற்கான கட்டணத்தை யாருடைய யூ.பி.ஐ. ஐடிக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

ராணுவம் என்று இல்லை, நாளைக்கே இந்த வேடம் மாறலாம். வெளிநாட்டில் வேலை கிடைத்த இன்ஜினியர், கப்பலில் இருக்கும் மாலுமி, கணவரை இழந்து வண்டியை விற்கும் பெண் என்றெல்லாம் வருகிறார்கள். கதை எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: வண்டியை நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் பணம் முதலில் வர வேண்டும்.

ஆர்.சி. படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

"மாமா, ஆர்.சி. செக் பண்ணிட்டேன், கரெக்டா இருக்கு" என்றான் பையன். அவன் சொன்னது உண்மைதான். அங்கேதான் அவன் ஏமாந்தான்.

வண்டி நம்பரைச் சரிபார்ப்பது சுலபம். போனில் mParivahan செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். அல்லது parivahan.gov.in தளத்தில் Informational Services என்பதற்குள் Know Your Vehicle Details பகுதிக்குப் போங்கள். உங்கள் மொபைல் நம்பரைக் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு உள்ளே நுழைந்தால் வண்டி நம்பரைக் கேட்கும். எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவானது, என்ன மாடல், பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். ஓனர் பெயர் முழுதாக வராது, சில எழுத்துகளை மறைத்துக் காட்டும். முதல் எழுத்தையும் பெயரின் நீளத்தையும் வைத்து ஒப்பிட அது போதும்.

அந்த ஆக்டிவாவின் நம்பரைப் போட்டோம். மீனம்பாக்கம் ஆர்.டி.ஓ., 2021 பதிவு, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறது. எல்லாம் சரி. ஏனென்றால் அந்த ஆர்.சி. அசல். எப்போதோ வண்டி விற்க நினைத்த யாரோ ஒருவர், "ஆர்.சி. படம் அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கேட்ட ஒருவனுக்கு நம்பி அனுப்பிய படம் அது. அப்படி ஒரு வண்டி எங்கோ ஓடுகிறது என்பதை மட்டும்தான் அரசாங்கத் தளம் உறுதி செய்யும். போனில் பேசுகிறவரிடம் அது இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை.

ஆனாலும் அவசரமில்லாமல் பார்த்திருந்தால் இரண்டு இடங்களில் கதை உடைந்திருக்கும். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் சாம்பல் என்று இருந்தது. விளம்பரப் படத்தில் நீலம். அடுத்து, மறைத்துக் காட்டிய ஓனர் பெயரின் முதல் எழுத்துக்கும் ஆதாரில் இருந்த பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பையன் இதைக் கேட்டும் இருக்கிறான். "நண்பரிடம் வாங்கியது, இன்னும் பேர் மாத்தவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. விளம்பரத்தில் சிங்கிள் ஓனர் என்று போட்டிருந்தது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆதாரும் அப்படித்தான். அட்டையில் உள்ள கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பார்த்து, அசல் ஆதார் என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. அசலாகவே இருக்கலாம். அட்டை அசல் என்பது ஒன்று, அதை அனுப்பியவர்தான் அதன் சொந்தக்காரர் என்பது வேறு.

இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு செய்ய முடியாத காரியம்

அதனால் ஆவணங்களைக் கேட்பதைவிட, வண்டி பக்கத்தில் இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். நான் இப்போது கேட்பது இதுதான்: "ஒரு பேப்பர்ல என் பேரையும் இன்னிக்குத் தேதியையும் எழுதி, ஸ்பீடோமீட்டர் மேல வெச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. சாவியைப் போட்டு, கிலோமீட்டர் தெரியுற மாதிரி. அப்படியே நடந்து போய் நம்பர் பிளேட்டையும் காட்டுங்க." வெட்டாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. "இவ்வளவு விசாரிக்கிறீங்களே" என்று கொஞ்சம் சலித்துக்கொள்வார், ஆனால் அனுப்பிவிடுவார். இல்லாதவர் கோபப்படுவார். "ஆர்மிக்காரனையே நம்பலையா?" என்று பேச்சை உங்கள் குணத்தின் மேல் திருப்புவார். அந்தக் கோபம் வந்தால் நம்பரை பிளாக் செய்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

வண்டி வெளியூரில் இருந்தால், அந்த ஊரில் தெரிந்தவரையோ ஒரு மெக்கானிக்கையோ ஐந்நூறு, ஆயிரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். ஊருக்குள் இல்லாத ஆக்டிவாவா?

பணம் கேட்கும் விதம்

பையனின் போனில் இருந்த கணக்கு இது.

முதலில் ரூ. 2,150, பார்சல் பதிவுக் கட்டணம். இரண்டாயிரம் என்று முழு எண்ணாகக் கேட்டால் யாரோ வாயில் வந்ததைச் சொன்ன மாதிரி இருக்கும். 2,150 என்றால் ஏதோ பில் போட்ட மாதிரி இருக்கிறது. கட்டியதும் முத்திரை போட்ட ரசீது வந்தது. பிளாஸ்டிக் சுற்றிய ஸ்கூட்டரை லாரியில் ஏற்றும் பன்னிரண்டு விநாடி வீடியோவும் வந்தது. நம்பர் பிளேட் தெரியாது, நிறமும் தெரியாது.

மறுநாள் காலை வேறு நம்பரிலிருந்து வேறு குரல். டெலிவரிக்காரர். வண்டி கிளம்பிவிட்டது, விதிப்படி வழியில் ரூ. 10,500 கட்ட வேண்டும், மீதியை வண்டியை வாங்கியபிறகு கொடுத்தால் போதும். கட்டினான்.

சாயங்காலம் ஜி.பி.எஸ். கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ரூ. 5,600. இது வண்டி கைக்கு வந்ததும் திரும்பக் கிடைக்குமாம். கட்டினான்.

கடைசியாக வந்ததுதான் கெட்டிக்காரத்தனம். "5,600 தப்பு. 5,599 என்று போட்டிருக்க வேண்டும். சிஸ்டம் ஏற்கவில்லை. இப்போது நேரமும் தாண்டிவிட்டது. 8,999 போட்டால் பழைய 5,600-ம் சேர்ந்து திரும்ப வரும்." கடன் கேட்டு எனக்குப் போன் வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

முதல் தொகை சின்னது. தோற்றாலும் பரவாயில்லை என்று தோன்றும். இரண்டாவது தொகை வண்டி விலையில் கழியும் என்பதால் செலவாகவே தெரியாது. மூன்றாவதிலிருந்து அவன் வண்டிக்காகக் கட்டவில்லை, ஏற்கெனவே கட்டியதை மீட்கக் கட்டினான். நான்காவது கட்டியிருந்தால் ஐந்தாவதும் வந்திருக்கும். பணம் தீரும்வரை கட்டணங்களின் பெயரும் தீராது. அதனால் "திரும்பக் கிடைக்கும்" என்ற வார்த்தையை வண்டிப் பேச்சில் கேட்ட உடனே நிறுத்திவிடுங்கள். வண்டி விற்கிற எவரும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதற்காக வாங்குவதில்லை.

பணம் போன பெயர்களையும் பாருங்கள். யூ.பி.ஐ.யில் பின் நம்பர் போடுவதற்கு முன் வங்கியில் பதிவான பெயர் திரையில் வரும். மூன்று தடவையும் மூன்று பெயர்கள். மூன்றில் ஒன்றுகூட அந்த ஆதாரில் இருந்த பெயர் இல்லை. கேட்டால் "ஆர்மி அக்கவுண்டன்ட்" என்பார்கள்.

இதில் கியூ.ஆர். கோடையும் நுழைப்பார்கள். "ரீஃபண்ட் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று ஒரு படம் வரும். ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும், வராது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எப்போதுமே தேவையில்லை. நீங்கள் வண்டி விற்கிறவராக இருந்தாலும் இதே படம் உங்களுக்கு வரும், "அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்ற பெயரில்.

வண்டியை நேரில் பார்த்தும் ஏமாறுகிற வகை

"நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

ஈரோட்டில் ஒருவர் தன் ஸ்விஃப்ட் காரை ரூ. 4,20,000-க்கு விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையான மனிதர், நிஜமான கார். மோசடிக்காரன் அவரைக் கூப்பிட்டு, பேரம் பேசாமல் "எனக்கு ஓகே, வாங்கிக்கிறேன்" என்கிறான். அவர் படங்களை எடுத்து, ரூ. 3,40,000 விலையில் புதிதாக ஒரு விளம்பரம் போடுகிறான். அதைப் பார்த்து நீங்கள் கூப்பிடுகிறீர்கள். "கார் என் சித்தப்பா பையன் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள். அவனிடம் மட்டும் விலை பேசாதீர்கள், எங்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது" என்கிறான். அதே நேரம் ஈரோட்டுக்காரரிடம், "என் மச்சான் காரைப் பார்க்க வருவான். அவனுக்கு நான் தர வேண்டிய பாக்கிக்காகத்தான் இதை வாங்கித் தருகிறேன். அவனிடம் விலை பேசாதீர்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறான்.

நீங்கள் போகிறீர்கள். கார் இருக்கிறது. அசல் ஆர்.சி. இருக்கிறது. சேசிஸ் நம்பர் ஒத்துப்போகிறது. ஓட்டிப் பார்க்கிறீர்கள், பிடித்திருக்கிறது. எதிரே நிற்பவரும் காபி கொடுத்து உட்காரச் சொல்கிறார். விலையைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை, இருவருக்கும் அப்படிச் சொல்லி வைத்திருப்பதால். போனில் இருப்பவன் கொடுத்த கணக்குக்கு நீங்கள் ரூ. 3,40,000 அனுப்புகிறீர்கள். ஈரோட்டுக்காரருக்கு அவன் ஒரு போலி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறான். பத்து நிமிடம் கழித்து, "பணம் இன்னும் வரலையே" என்கிறார் அவர். "நான் அனுப்பிட்டேனே" என்கிறீர்கள் நீங்கள். போன் சுவிட்ச் ஆஃப். ஏமாற்றாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் திருடன் என்று திட்டிக்கொண்டு தெருவில் நிற்பீர்கள்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டை உடைக்க ஒரே கேள்வி போதும். வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "அண்ணா, என்ன விலைக்குக் கொடுக்கறீங்க? நீங்களும் போன்ல பேசினவரும் எப்படிச் சொந்தம்?" என்று கேட்டுவிடுங்கள். யார் என்ன சொல்லித் தடுத்திருந்தாலும் கேளுங்கள். விலை பேசாதே என்று யாராவது சொன்னாலே அங்கே கட்டாயம் பேச வேண்டியது விலைதான்.

அட்வான்ஸ் எப்போது கொடுக்கலாம்

டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறவர்கள் எல்லோரும் திருடர்கள் இல்லை. நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகும் வண்டிக்கு, "ஆயிரம் கொடுத்துட்டுப் போங்க, வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்று கேட்பது ஊர் வழக்கம். அது வண்டியைப் பார்த்தபிறகு வரும் பேச்சு.

போகும்போது பகலில் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அசல் ஆர்.சி.யைக் கையில் வாங்கி, அதிலுள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். பைக்குகளில் பெரும்பாலும் ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியில், சேசிஸிலேயே அடித்திருப்பார்கள். ஸ்கூட்டரில் மாடலுக்கு மாடல் இடம் மாறும், மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஹோண்டா டூ வீலர் என்றால் ME4, ஹீரோ என்றால் MBL, மாருதி கார் என்றால் பெரும்பாலும் MA3 அல்லது MBH என்று தொடங்கும். சுரண்டிய தடம், எழுத்துகளுக்கு நடுவில் சீரில்லாத இடைவெளி, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் தெரிந்தால் வண்டியைத் தொடாமல் வந்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் உள்ள கடன் பதிவு, கேன்சல் ஆகாத வண்டி. "டியூ முடிஞ்சுது, பேப்பர் வர வேண்டியதுதான்" என்பார்கள். ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கண்ணில் பட்டபிறகு பேசுங்கள். இல்லையென்றால் மற்றவர் கட்டாத டியூவுக்கு உங்கள் வாசலில் வண்டியைத் தூக்க வருவார்கள்.

இதெல்லாம் சரி என்றால் டோக்கன் கொடுக்கலாம். ஆயிரமோ இரண்டாயிரமோ, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், திரையில் அதே பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு. வண்டி நம்பர், பேசிய விலை, கொடுத்த தொகை, தேதி, அவர் கையெழுத்து இத்தனையும் ஒரு வெள்ளைத் தாளில் இருக்கட்டும். மீதிப் பணம், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் அவர் கையெழுத்துப் போட்டு, சாவியும் அசல் ஆர்.சி.யும் கைக்கு வரும்போது.

பணம் போய்விட்டால்

அந்த ராத்திரி நாங்கள் முதலில் செய்தது 1930-க்குப் போன் செய்தது. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். இதில் "மிச்சம் இருப்பதை" என்பதுதான் முக்கியம். வந்த பணத்தை அவர்கள் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றி, ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போனால் எதுவும் மிஞ்சாது.

போன் செய்வதற்கு முன் ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க யூ.டி.ஆர். எண், நேரம், தொகை, அவர்களுடைய யூ.பி.ஐ. ஐடி இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே விவரங்களோடு cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவமானத்தில் பலர் முதலில் செய்வது அதுதான். வங்கிக்கும் சொல்ல வேண்டும், ஆனால் பின் நம்பர் போட்டு அனுப்பியது நாமே என்பதால் வங்கி தன் கையிலிருந்து ஈடு கட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்களுக்குக் கடைசியாகப் போன ரூ. 5,600 மட்டும் ஒரு கணக்கில் மாட்டியது. முதல் இரண்டும் அதற்குள் போய்விட்டன. மாட்டிய பணமும் உடனே வரவில்லை. நீதிமன்ற உத்தரவு வாங்கி, கைக்கு வர மாதங்கள் ஆனது. நடுவில், "சைபர் போலீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் முழுப் பணத்தையும் மீட்டுத் தருகிறோம், ஃபைல் சார்ஜ் 1,500" என்று ஒரு அழைப்பு வந்தது. ஒருமுறை ஏமாந்தவரின் நம்பர் அவர்களுக்குள் கை மாறும் போலிருக்கிறது. போலீஸ் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் நூஹ் பக்கமிருந்து இப்படிப்பட்ட கும்பல்களைப் போலீஸார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஆனால் சிம்மும் வங்கிக் கணக்கும் யார் யார் பெயரிலோ இருக்கும்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். பேச்சின் ஆரம்பத்தில் பையனிடமும், "கேம்ப்பிலிருந்து வண்டி வெளியே வர கேட் பாஸ் வேண்டும், உங்கள் ஆதாரும் ஒரு செல்ஃபியும் அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். யாருக்கு ஆதார் நகல் கொடுத்தாலும் முதல் எட்டு எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை, அதுவும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். இவன் முழுதாக அனுப்பியிருந்தான். அதையும் புகாரில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராபுரத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி, ஆதாரில் இருந்த விலாசத்தைத் தேடி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். கையில் பையனுடைய ஆதாரின் கலர் பிரிண்ட். "புல்லட் விக்கறேன்னு சொல்லி எங்கிட்ட ஏழாயிரம் வாங்கிட்டீங்களே தம்பி" என்றார். அவரை உட்கார வைத்து, மோர் கொடுத்து, பையன் தன் புகார் நகலை எடுத்துக் காட்டினான். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "அப்ப நான் அடுத்த ஆளா?" என்று கேட்டுவிட்டு, தன் போனை எடுத்து, அவர் யாருக்கெல்லாம் தன் ஆதாரை அனுப்பினார் என்று தேட ஆரம்பித்தார்.